வெயில் அடிக்கும்போதும் மீட்டர் இம்போர்ட் காட்டினால்

உச்சி வெயில் நேரம். இன்வெர்ட்டர் திரையில் 4 கிலோவாட்டுக்கு மேல் ஓடுகிறது. வீட்டில் இரண்டு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும்தான் ஓடுகின்றன. மிச்சமெல்லாம் ஈ.பி. லைனுக்குப் போக வேண்டும். ஆனால் மீட்டரைப் பார்த்தால் இம்போர்ட், அதாவது லைனிலிருந்து எடுக்கிறோம் என்கிறது. திருச்சிப் பக்கம் வீடுகளுக்குச் சோலார் பொருத்தும் வேலை செய்கிறேன். புதிதாகச் சோலார் போட்டவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். "சி.டி.யைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களாம், வந்து திருப்பிப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். சி.டி. என்பது கேபிளைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் சின்ன வளையம்.

சில வீடுகளில் காரணம் அதுதான். ஆனால் இதே அறிகுறி தரும் வேறு நான்கைந்து காரணங்களும் உண்டு. அதில் ஒன்று பில்லையே இரட்டிப்பாக்கிவிடும். அதனால் எதையும் திருப்புவதற்கு முன்னால், மீட்டர் காட்டும் எண் எதனுடன் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பிளஸ், மைனஸ் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

முதலில், எந்த மீட்டர்?

பல சோலார் வீடுகளில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று மின்வாரியம் சீல் வைத்த நெட் மீட்டர், எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியாக எண்ணுவது. பில் வருவது இதிலிருந்துதான். இன்னொன்று இன்வெர்ட்டர் கம்பெனி கொடுக்கும் சின்ன மீட்டர். அது வீட்டு வயர்கள் பிரியும் டி.பி. பாக்ஸுக்குள் இருக்கும். கேபிளைச் சுற்றி மாட்டிய சி.டி. மூலம் கரண்டை அளந்து போன் ஆப்புக்கு அனுப்பும். நீங்கள் "மீட்டர் இம்போர்ட் காட்டுகிறது" என்று சொல்வது ஆப்பைப் பார்த்தா, சுவரில் இருக்கும் ஈ.பி. மீட்டரைப் பார்த்தா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டுச் சர்வீஸ்களில் பெரும்பாலும் ஈ.பி. மீட்டருக்குச் சி.டி.யே கிடையாது. முழுக் கரண்டும் மீட்டர் வழியாகவே போகும். அடுக்ககப் பொதுச் சர்வீஸ், பட்டறை, மண்டபம் போன்ற பெரிய லோடுகளுக்குத்தான் ஈ.பி. மீட்டரில் சி.டி. வரும். ஆகவே சாதாரண வீட்டில் சி.டி. திசை தப்பு என்றால் அது ஆப் மீட்டரைப் பற்றியது. பில் அதனால் கெடாது. ஆனால் பேட்டரியோ, லைனுக்கு அனுப்பாமல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அமைப்போ அந்தச் சின்ன மீட்டரை நம்பி ஓடினால் விஷயம் வேறு. சி.டி. தலைகீழாக இருந்தால், வீடு லைனிலிருந்து இழுக்கும்போது "லைனுக்குப் போகிறது" என்று நினைத்து இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துவிடும்.

ஈ.பி. மீட்டரைச் சோதிப்பது

நெட் மீட்டரின் பட்டனை அழுத்தினால் திரை ஒவ்வொன்றாக மாறும். ஓரத்தில் சின்னதாக ஒரு குறியீடு வரும். 1.8.0 என்றால் இதுவரை லைனிலிருந்து எடுத்த மொத்த யூனிட், 2.8.0 என்றால் இதுவரை லைனுக்குக் கொடுத்த மொத்த யூனிட். சில மீட்டர்களில் குறியீட்டுக்குப் பதிலாக இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் வரும். இரண்டும் ஏறிக்கொண்டே போகும் எண்கள், இறங்காது. இரவில் வீடு லைனிலிருந்துதானே எடுக்கிறது, அதனால் இம்போர்ட் எண் தினமும் கூடுவது இயல்பு. நண்பகலில், லோடு குறைவாக இருக்கும்போது அது கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

மேகம் இல்லாத ஒரு நாளில் 11 மணியிலிருந்து 1 மணிக்குள் இதைச் செய்யுங்கள். ஏ.சி., மோட்டார், கீசர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1.8.0, 2.8.0 இரண்டையும் போட்டோ எடுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். 2.8.0 மட்டும் கூடியிருக்க வேண்டும், 1.8.0 அசைந்திருக்கக் கூடாது. அன்றைக்கே இரவு 7 மணிக்கு மேல் இதே மாதிரி இரண்டு போட்டோ. அப்போது 1.8.0 மட்டும் கூட வேண்டும்.

இரண்டும் இப்படியே வந்தால் ஈ.பி. மீட்டர் சரி. கோளாறு ஆப் பக்கம்தான், நேராகச் சி.டி. பகுதிக்குப் போகலாம். பகலில் 1.8.0, இரவில் 2.8.0 என்று தலைகீழாகக் கூடினால், மீட்டருக்குள் வரும் வயரும் வெளியே போகும் வயரும் இடம் மாறியிருக்கின்றன. பகலிலும் இரவிலும் 1.8.0 மட்டுமே கூடி, 2.8.0 அப்படியே நின்றால் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், பிரித்துக் காட்ட ஒரே ஒரு சுவிட்ச் போதும்.

மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சின்ன விளக்கைப் பாருங்கள். கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் அது சிமிட்டும், அதனால் திசை அதில் தெரியாது. வேகம்தான் தெரியும். வெயில் நேரத்தில், பெரிய லோடுகளை அணைத்த நிலையிலேயே சிமிட்டலைக் கவனித்துக்கொண்டு, இன்வெர்ட்டரிலிருந்து டி.பி.க்கு வரும் சோலார் எம்.சி.பி. சுவிட்சை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.

சிமிட்டல் வேகமெடுத்தால், வீட்டு லோடே உற்பத்தியைவிட அதிகம் என்று அர்த்தம். சோலார் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தது, மிச்சம் லைனிலிருந்து வந்தது. கோளாறு இல்லை. மாடியில் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சிமிட்டலில் மாற்றமே இல்லையென்றால், சோலார் இந்த மீட்டருக்குப் பின்னால் சேரவே இல்லை. கீழ் வீட்டுக்கு ஒரு சர்வீஸ், மாடி வீட்டுக்கு ஒரு சர்வீஸ் என்று இருக்கும் வீடுகளில் இதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பேனல் மொட்டை மாடியில், பக்கத்தில் இருப்பது மாடி வீட்டு டி.பி. வயர்மேன் கைக்கு எட்டியதில் சேர்த்துவிட்டார். கண்டுபிடிக்க மாடி வீட்டு மெயினை அணையுங்கள். லைன் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மாடி மெயினை அணைத்ததும் அது நின்றால், சோலார் சேர்ந்திருப்பது அங்கேதான்.

சிமிட்டல் மெதுவானால் உடனே கவலைப்பட வேண்டும். லைனுக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தைத்தான் மீட்டர் இம்போர்ட்டாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நெட் மீட்டர் மாற்றுவதற்கு முன்பே சோலாரை ஓடவிட்ட வீடுகளில் இது நடக்கும். பழைய காலத்து வட்டு சுற்றும் மீட்டராக இருந்தால் பின்னோக்கிச் சுற்றும். இப்போதுள்ள சாதாரண எலக்ட்ரானிக் மீட்டர்களில் பல, வயரை மாற்றிப்போட்டுத் திருடுவதைத் தடுப்பதற்காக, எந்தத் திசையில் போனாலும் கூட்டும்படி செய்யப்பட்டவை. 3 கிலோவாட் சோலார் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 12 யூனிட் தரும். பகலில் வீடு 4 யூனிட் எடுத்தால் 8 யூனிட் லைனுக்குப் போகும். அந்த 8 யூனிட்டும் நீங்கள் செலவழித்ததாக ஏறும். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான், அதற்குள் 480 யூனிட் சேர்ந்துவிடும். இந்த நிலையென்றால் சோலாரை அணைத்தே வையுங்கள். நெட் மீட்டர் வந்த பிறகு போடலாம். நெட் மீட்டர் ஏற்கெனவே மாட்டியும் இப்படி என்றால், அது இருதிசையிலும் எண்ணும்படி அமைக்கப்படவில்லை. போட்டோக்களோடு உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

வயர் இடம் மாறியிருந்தாலும் சரி, மீட்டர் அமைப்பு தப்பானாலும் சரி, சீல் வைத்த பெட்டியை நீங்களோ உங்கள் வயர்மேனோ திறக்கக் கூடாது. சீல் உடைந்தால் அது திருட்டு வழக்கில் போய் நிற்கும். தேதி, நேரத்துடன் இருக்கும் நான்கு போட்டோ உங்கள் கையில் இருந்தால் போதும். பேச்சு எளிதாக முடியும். சி.டி. வைத்த பெரிய சர்வீஸ்களுக்கும் இதேதான். மூன்று சி.டி.யில் ஒன்று தலைகீழாக இருந்தால் அந்த பேஸ் மற்ற இரண்டில் ஒன்றை அழித்துவிடும், சமமான லோடில் மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும். அதைத் திருத்துவது வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவு ஆட்களின் வேலை.

கோளாறே இல்லாத ஒரு வகை

த்ரீ பேஸ் சர்வீஸில் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் போட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோலார் சிவப்பு பேஸில் மட்டும் சேர்கிறது. அங்கே 2 கிலோவாட் மிச்சம். மஞ்சளில் ஏ.சி. 1.2 கிலோவாட் எடுக்கிறது, நீலத்தில் 0.3. மூன்று பேஸையும் கூட்டிக் கழித்து எண்ணும் மீட்டராக இருந்தால் 0.5 கிலோவாட் எக்ஸ்போர்ட் என்று மட்டும் காட்டும். பேஸ் வாரியாக எண்ணும் மீட்டர் 2 கிலோவாட் எக்ஸ்போர்ட், 1.5 கிலோவாட் இம்போர்ட் என்று இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் ஏற்றும். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங்கில் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான். கொடுக்கும் யூனிட்டுக்கும் எடுக்கும் யூனிட்டுக்கும் வேறு வேறு விலை என்றால் வித்தியாசம் வரும். அப்போது பகலில் ஓடும் பெரிய லோடுகளை வயர்மேனைக் கொண்டு சோலார் இருக்கும் பேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆப் மீட்டரும் சி.டி.யும்

திசையைப் பார்ப்பதற்கு முன் சி.டி. எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஈ.பி. மீட்டரிலிருந்து வரும் கேபிள் டி.பி.க்குள் நுழையும் இடத்துக்கும், சோலார் கேபிள் சேரும் இடத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். அங்கேதான் வீட்டுக்கும் லைனுக்கும் இடையே போகிற வருகிற எல்லாம் கடக்கும். சோலார் சேர்ந்த இடத்தைத் தாண்டி, லோடுகளுக்குப் போகும் பக்கத்தில் மாட்டினால், வெயில் எவ்வளவு அடித்தாலும் ஆப் இம்போர்ட் என்றுதான் சொல்லும். அந்த எண் வீட்டு லோடுக்குச் சமமாக இருக்கும். கீசரைப் போட்டால் 2 கிலோவாட் கூடும், சோலாரை அணைத்தால் எதுவும் மாறாது. இதில் சி.டி.யைத் திருப்பினால் "எக்ஸ்போர்ட்" என்று வரும். ஆனால் எண் அப்போதும் பொய்தான்.

சி.டி.யைப் பேஸ் வயரில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்து, ஏறக்குறைய பூஜ்யம் காட்டும்.

சரி, திசை. சி.டி.யின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அல்லது ஒரு பக்கம் P1, மறுபக்கம் P2 என்று இருக்கும். சி.டி.க்களில் பொதுவான வழக்கம் P1 லைன் பக்கம் பார்ப்பது. ஆனால் இன்வெர்ட்டரோடு வரும் சி.டி.க்களில் அம்பு லைனைப் பார்க்க வேண்டுமா, வீட்டைப் பார்க்க வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியோடு வந்த தாளில் படம் இருக்கும், அதை நம்புங்கள். போன வாரம் வேறு வீட்டில் மாட்டிய ஞாபகத்தை நம்பாதீர்கள்.

இந்த வேலைக்கு மெயினை அணைத்தே ஆக வேண்டும். கேபிள் மேல் சி.டி. இருக்க, அதில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் மெல்லிய வயரை மீட்டரிலிருந்து பிடுங்கவே கூடாது. பெரிய சி.டி.க்களில் அந்த முனையில் ஆபத்தான வோல்டேஜ் ஏறும். இது தெரிந்த வயர்மேனைக் கொண்டு மட்டும் செய்யுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டார். 5 கிலோவாட் த்ரீ பேஸ் இன்வெர்ட்டர். முதல் வாரம் ஆப் பகலில் இம்போர்ட் காட்டியிருக்கிறது. பொருத்தியவர்கள் வந்து மூன்று சி.டி.யையும் திருப்பி மாட்டியதும் எக்ஸ்போர்ட் வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று போய்விட்டார்கள். வாத்தியார் விடவில்லை. "தம்பி, எக்ஸ்போர்ட்னு வருது, ஆனா வீட்டுச் செலவு 2.4 கிலோவாட்னு போடுது. வீட்ல நானும் அவங்களும் மட்டும்தான். ரெண்டு ஃபேனு ஓடுது, இது எப்படிப்பா?" என்றார்.

அவர் பிடித்தது சரியான நூல். வீட்டு லோடை ஆப் நேராக அளப்பதில்லை. உற்பத்தியிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்துத்தான் சொல்கிறது. நான் போனபோது உற்பத்தி 4.2 கிலோவாட், ஆப் காட்டிய எக்ஸ்போர்ட் 1.8. கழித்தால் 2.4. வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து வீட்டு லோடைப் பார்த்தேன். மூன்று பேஸிலும் சேர்த்து 0.6 கிலோவாட்தான். அப்படியென்றால் லைனுக்கு 3.6 போயிருக்க வேண்டும்.

ஈ.பி. மீட்டர் என்ன சொல்கிறது என்று சிமிட்டலை எண்ணினோம். மீட்டர் முகப்பில் 1600 imp/kWh என்று இருந்தது. ஒரு யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று பொருள். வாத்தியார் வாட்சைப் பார்க்க, நான் எண்ணினேன். 25 வினாடியில் 40.

```
kW = 3600 × 40 / (25 × 1600) = 3.6
```

2.8.0 தான் ஏறிக்கொண்டிருந்தது. ஆக ஈ.பி. மீட்டர் மிகச் சரி, பில்லுக்குப் பயமில்லை. ஆப் மட்டும் பாதியைக் காட்டுகிறது. ஏறக்குறைய சரிபாதி என்பதுதான் எனக்குத் துப்புக் கொடுத்தது.

த்ரீ பேஸில் ஒவ்வொரு பேஸின் வோல்டேஜும் அடுத்ததிலிருந்து 120 டிகிரி தள்ளி நிற்கிறது. மீட்டர் ஒரு பேஸின் வோல்டேஜையும் அதே பேஸின் கரண்டையும் பெருக்கித்தான் வாட் சொல்கிறது. சிவப்பு வயரின் சி.டி.யை மஞ்சளின் இடத்தில் சொருகிவிட்டால், மஞ்சள் வோல்டேஜை அது சிவப்புக் கரண்டோடு பெருக்கும். 120 டிகிரியின் கோசைன் மைனஸ் அரை. எண் பாதியாகும், திசையும் மாறும். மூன்று சி.டி.யும் ஒரு இடம் தள்ளி இருந்தால், 3.6 எக்ஸ்போர்ட் என்பது 1.8 இம்போர்ட் என்று வரும். முதல் வாரம் இங்கே நடந்தது அதுதான். சி.டி.க்களின் திசை முதலிலேயே சரியாக இருந்திருக்கிறது. அவற்றைத் திருப்பியதால் இரண்டாவது தப்பு முதல் தப்பின் மைனஸை மட்டும் மறைத்துவிட்டது, பாதி பாதியாகவே நின்றது.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூடு தரும் பொருளை ஒரு பேஸில் போட்டுப் பார்ப்பது. மோட்டார், ஃபிரிட்ஜ் இதற்கு ஆகாது, அவற்றின் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்து ஓடாததால் கணக்குக் குழம்பும். அந்த வீட்டில் கீசர் 2 கிலோவாட், சிவப்பு பேஸில். சின்ன மீட்டரின் திரையில் பேஸ் வாரியாக வாட் பார்க்கலாம். சோலாரை அணைத்துவிட்டுக் கீசரைப் போட்டோம். சிவப்பு 2 கிலோவாட் ஏற வேண்டியது, அசையவில்லை. மஞ்சளில் 1 கிலோவாட் ஏறியது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மெயினை அணைத்து டி.பி.யைத் திறந்தோம். மூன்று சி.டி. வயரும் ஒரே கறுப்பு நிறம், ஒரே குழாய் வழியாக வந்திருந்தன. எதிலும் அடையாளம் இல்லை. ஒவ்வொன்றாகக் கேபிள் வரைக்கும் பிடித்துப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றினேன். சரியான இடத்தில் சொருகினேன். தாளில் இருந்த படப்படி மூன்றையும் பழைய திசைக்கே திருப்பினேன். மெயினைப் போட்டு, இன்வெர்ட்டர் மறுபடி லைனோடு சேரும்வரை காத்திருந்தோம். கீசர் இப்போது சிவப்பில் 2 கிலோவாட் ஏற்றியது. அணைத்ததும் ஆப்பில் 3.5 எக்ஸ்போர்ட், வீட்டு லோடு 0.6. வெயில் அதற்குள் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஒரே ஒரு சி.டி. மட்டும் தலைகீழ் என்றால் எண் இப்படிப் பாதியாக வராது. இதே வீட்டில் மூன்று பேஸிலும் முறையே 1.2, 1.1, 1.3 எக்ஸ்போர்ட் என்று வையுங்கள். நடுவில் இருப்பது மட்டும் திரும்பியிருந்தால் 1.4 எக்ஸ்போர்ட் காட்டும். முதல் இரண்டும் திரும்பியிருந்தால் 1.0 இம்போர்ட். மூன்றுமே திரும்பியிருந்தால் முழு 3.6 இம்போர்ட். இரண்டு சி.டி. மட்டும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வரும். பேஸ் வாரியான எண்களை ஒரு தாளில் எழுதி, கிளாம்ப் மீட்டர் காட்டுவதோடு ஒப்பிட்டால் எது தப்பு என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கிளம்பும்போது வாத்தியாரிடம் ஒன்று சொன்னேன், இருட்டிய பிறகு ஒரு தடவை ஆப்பைப் பாருங்கள், இம்போர்ட் எண்ணும் வீட்டு லோடு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், எக்ஸ்போர்ட் என்று வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று. ராத்திரி 8 மணிக்கு ஆப் படத்தை அனுப்பினார். இம்போர்ட் 0.7, வீட்டு லோடு 0.7. கீழே "டிவி ஓடுது தம்பி" என்று எழுதியிருந்தார்.